காலையில் சிவக்கும் கண், தளர்ந்த மேலிமை, இரவுக் குறட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் எழுந்தால் கண் சிவந்து பிசுபிசுப்பாக இருக்கிறது. பத்து, பதினோரு மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. என்னவாக இருக்கும்?

இதில் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்துக் கண் வறண்டவர்களுக்கு எரிச்சல் பெரும்பாலும் மாலையில்தான் கூடும். எழுந்தவுடன் மோசமாக இருந்து, போகப் போகக் குறைகிறது என்றால், ராத்திரி தூங்கும்போது கண்ணுக்கு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த ‘ஏதோ’ பல விதமாக இருக்கலாம். இமை விளிம்பில் அழற்சி இருக்கலாம். கண் முழுதாக மூடாமல் தூங்கலாம். ஏர்கோன் காற்றோ காற்றாடியோ நேராக முகத்தில் அடிக்கலாம். இந்த வரிசையில் கடைசியாகவே நினைவுக்கு வருவது, பல சமயம் வராமலேயே போவது, தளர்ந்த மேலிமை. ஆங்கிலப் பெயரை அப்படியே ‘ஃப்ளாப்பி ஐலிட் சிண்ட்ரோம்’ என்பார்கள். நான் பினாங்கில் கண் பரிசோதகராக வேலை செய்கிறேன். காலைச் சிவப்போடு வருபவர் கொஞ்சம் பருமனாக இருந்து, கூட வந்த மனைவி “ராத்திரி இவர் குறட்டையில தூங்கவே முடியல” என்றும் சொன்னால், மேலிமையைப் பார்க்காமல் அவரை அனுப்ப மாட்டேன்.

குறட்டைக்கும் கண் இமைக்கும் என்ன சம்பந்தம்?

மேலிமைக்குள் ஒரு தகடு இருக்கிறது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 10 மில்லிமீட்டர் உயரம். இமைக்கு உருவமும் விறைப்பும் கொடுப்பது அதுதான். இமை கண்ணோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் கண்ணீரைச் சீராகப் பரப்புவதற்கு அந்த விறைப்பு வேண்டும். தகட்டில் எலாஸ்டின் என்ற மீள் இழைகள் உண்டு. தளர்ந்த இமைகளிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்தபோது இந்த இழைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றை அரிக்கும் நொதிகள் கூடியிருந்தன. இடுப்பு எலாஸ்டிக் தொய்ந்துபோன பழைய அரைக்கால் சட்டை போல, இழுத்தால் வருகிறது, திரும்பிப் போக மறுக்கிறது.

ஏன் தொய்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தலையணை. பக்கவாட்டிலோ குப்புறவோ படுத்து, முகம் அழுந்தி, இமை இரவு முழுக்கத் தேய்வது. மற்றொன்று, ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூச்சு திரும்பும்போது ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் திசுவை நோகடித்து, அந்த அரிக்கும் நொதிகளைத் தூண்டுகிறது என்று கருதுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதுதான் என் அபிப்பிராயம். மல்லாந்து படுத்தால் அப்னியா பெரும்பாலும் மோசமாகும், அதனால் நோயாளி தன்னை அறியாமலே பக்கவாட்டில் திரும்பிப் படுக்கிறார். ஒரு நோய் அவரைத் தலையணைப் பக்கம் தள்ளுகிறது, தலையணை இமையைத் தேய்க்கிறது.

தளர்ந்த இமை தூக்கத்தில் தானாகவே பிரண்டுகொள்ளும். அப்போது உட்பக்கச் சவ்வு நேராகத் தலையணை உறையில் உரசும், கார்னியா என்ற கருவிழிப் படலமும் மூடப்படாமல் காயும். காலையில் நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது அதன் விளைவு.

1981-ல் கல்பர்ட்சன், ஆஸ்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 11 ஆண்களை வைத்து இதை முதலில் விவரித்தார்கள். அந்த 11 பேரும் பருமனானவர்கள். தூக்க மூச்சுத் தடையோடு உள்ள தொடர்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பேசப்பட்டது.

எனக்கு வலது கண் மட்டும்தான் சிவக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் வருமா?

வரும். இந்த நோயை அடையாளம் காட்டுவதே பல நேரம் அதுதான். எந்தப் பக்கம் படுக்கிறீர்களோ அந்தப் பக்கத்து இமை அதிகம் தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுப்பவர்களுக்கும், குப்புறப் படுப்பவர்களுக்கும் இரண்டு கண்ணும் பாதிக்கும். ஒரு கண்தான் தொந்தரவு கொடுக்கிறது என்று வருபவர்களின் அடுத்த கண்ணைச் சோதித்தால், அங்கேயும் லேசான தளர்ச்சி இருப்பது சகஜம்.

“எந்தப் பக்கம் படுப்பீங்க?” என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கூடப் படுப்பவரைக் கேட்பதுதான் சரி.

அலர்ஜி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை. அலர்ஜி இல்லை என்று எப்படித் தெரியும்?

குழப்பம் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மேலிமையின் உட்பக்கத்தில் அலர்ஜியிலும் சிறு சிறு புடைப்புகள் வரும், இதிலும் வரும். சிவப்பு, நீர் வடிதல், நூல் நூலாகச் சளி போன்ற கழிவு எல்லாம் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் அரிப்பில் இருக்கிறது. அலர்ஜியில் அரிப்புதான் பிரதானம், கண்ணைக் கசக்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும், தும்மல், மூக்கடைப்பு கூடவே வரும், தூசியிலோ புகைமூட்டக் காலத்திலோ கூடும். தளர்ந்த இமையில் அரிப்பைவிட உறுத்தல், மணல் விழுந்த உணர்வு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் ஆகியவை முன்னால் நிற்கும். பருவம் கிடையாது; வருஷம் முழுக்க ஒரே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு போட்டால் இதிலும் சிவப்பு கொஞ்சம் அடங்கும். அடங்கியதை வைத்து ‘அலர்ஜிதான் போல’ என்று முடிவு செய்து, அதே பாட்டிலை மாதக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டும், கண்புரையையும் வரவழைக்கும். இமையின் தளர்ச்சியை அது தொடவே தொடாது.

கிளினிக்கில் என்ன செய்து கண்டுபிடிப்பார்கள்? ஸ்கேன் எடுக்கணுமா?

ஸ்கேன் வேண்டாம். விரலும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பும் போதும். அதனால்தான் இது தவறிப்போகிறது என்பது எனக்கு ஆதங்கம். சொட்டு எழுதிக் கொடுப்பதற்கு முன் மேலிமையைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

முதலில் தொடாமலே பார்ப்போம். மேலிமை சற்றுக் கீழிறங்கி இருக்கும். இமை முடிகள் மேல்நோக்கி வளையாமல் கீழே சரிந்திருக்கும், வரிசை கலைந்து ஆளுக்கொரு திசையில் நிற்கும். படுக்கும் பக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டு, மேலிமைத் தோலைக் கட்டைவிரலால் புருவத்தை நோக்கி மெல்ல மேலே இழுப்போம். சாதாரண இமை அசைந்து கொடுக்கும், ஆனால் கண்ணை விட்டு விலகாது. அதைப் பிரட்ட வேண்டுமென்றால் முடியைப் பிடித்து, தகட்டின் மேல் விளிம்பில் பஞ்சுக் குச்சியை வைத்து அழுத்த வேண்டும். தளர்ந்த இமைக்கு அதெல்லாம் தேவைப்படாது. மேலே இழுத்தவுடனே தானாகப் பிரண்டு, சிவந்த உட்பக்கம் வெளியே தெரியும். தகட்டை விரல்களுக்கு நடுவில் பிடித்தால் விறைப்பே இல்லாமல் மடியும்.

பிரண்ட இமையின் உட்பக்கத்தில் வெல்வெட் துணி மாதிரி நுண்ணிய புடைப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்போம். பிறகு ஃப்ளோரெசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் கார்னியாவைப் பார்த்தால், காய்ந்து உரிந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாக மின்னும். எளிதாகப் பிரளும் இமை, உட்பக்கப் புடைப்பு, காலைத் தொந்தரவு மூன்றும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

இமை எவ்வளவு தளர்ந்தால் நோய் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. வயதானால் எல்லாருக்குமே இமை கொஞ்சம் தளரும். அதனால் தளர்ச்சி மட்டும் இருந்து, சிவப்போ புடைப்போ இல்லை என்றால், நோய் என்று பெயர் வைக்காமல் குறித்து வைத்துக்கொள்வதுதான் முறை. கூடவே கார்னியாவின் வளைவையும் அளந்து பார்ப்பது நல்லது. கெரட்டோகோனஸ் என்ற கார்னியா கூம்பும் நிலை இவர்களிடம் சேர்ந்து காணப்படுவதுண்டு.

நிஜத்தில் ஒருவருக்கு இது எப்படித் தெரிய வந்தது என்று சொல்ல முடியுமா?

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், வயது 49. வலது கண் எட்டு மாதமாகக் காலையில் சிவப்பு. முதலில் ஆன்டிபயாட்டிக் சொட்டு, அப்புறம் அலர்ஜி சொட்டு, அப்புறம் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு வாரம் கேட்டது போல இருந்து பழையபடி ஆனது. எங்களிடம் வந்தது கண்ணாடி பவர் மாற்றுவதற்காக.

பார்வைப் பலகையில் வலது கண் கொஞ்சம் மங்கல். சிமிட்டச் சிமிட்டத் தெளிந்து மறுபடி மங்கியது. இது கண்ணாடி பவர் தவறு என்பதைவிட, கண்ணீர்ப் படலம் நிற்கவில்லை என்பதையே காட்டும். சாயம் வைத்துப் பார்த்தால் வலது கார்னியாவில் பச்சைப் புள்ளிகள். வலது இமை முடிகள் சரிந்திருந்தன. தோலை மேலே இழுத்த நொடியே இமை பிரண்டது. இடது இமை பாதி வரை பிரண்டு திரும்பியது.

“எந்தப் பக்கம் படுப்பீங்க அண்ணே?” என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் மனைவி பதில் சொன்னார்: “எப்பவும் வலது பக்கம்தான் தம்பி. மல்லாக்கப் படுத்தா மூச்சே நின்னு போற மாதிரி இருக்கும், நான்தான் தட்டித் திருப்பி விடுவேன். கண்ணுகூடத் திறந்தே கிடக்கும், உள்ளே செவப்பாத் தெரியும்.” இமை பிரண்டு கிடப்பதை அவர் இரவுதோறும் பார்த்திருக்கிறார். அதைக் கண் தொந்தரவோடு சேர்த்து யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஸ்டாப்-பாங் என்று ஒரு எட்டுக் கேள்வித் தாள் உண்டு. சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பது. ‘ஆம்’ ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அப்னியா இருக்க வாய்ப்பு அதிகம். இவர் 170 சென்டிமீட்டர் உயரம், 106 கிலோ எடை, அதாவது பிஎம்ஐ 36-க்கு மேல். கழுத்து 44. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வயதைத் தவிர எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ வந்து 7 ஆனது. கடைசியாக அவரே தயங்கிச் சொன்னார்: சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண் அசந்துவிடுகிறதாம். கண்ணைவிட எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஒன்று கண் மருத்துவருக்கு, மற்றொன்று தூக்கப் பரிசோதனை கேட்டு, பகல் தூக்கத்தையும் லோரி ஓட்டும் தொழிலையும் குறிப்பிட்டு. ஸ்டீராய்டு சொட்டைக் கண் மருத்துவர் நிறுத்தினார், கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்தார். படுக்கும் முன் வழவழப்பான கண் களிம்பு, அதற்கு மேல் தலையணை படாதபடி ஒட்டும் பிளாஸ்டிக் கண் கவசம். இரண்டு வாரத்தில் காலைப் பிசுபிசுப்பு வெகுவாகக் குறைந்தது. கவசம் போட மறந்த இரவுக்கு மறுநாள் சிவப்பு திரும்பியது, அதுவே நோயை உறுதி செய்தது போலாயிற்று.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 42 முறை மூச்சு நிற்கவோ குறையவோ செய்தது. 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 30-ஐத் தாண்டினால் கடுமை. சிபாப் மெஷின் கொடுத்தார்கள். அதாவது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. சில மாதம் கழித்து வந்தபோது இமையின் உட்புடைப்புகள் தணிந்திருந்தன, கார்னியா சுத்தமாக இருந்தது. இமையை இழுத்தால் இன்னும் சுலபமாகவே பிரண்டது. தொய்ந்த இழை முழுக்கத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதன் மீதான தேய்மானம் நின்றால் கண்ணுக்கு அது போதும்.

நான் ஏற்கெனவே சிபாப் போடுகிறேன். அப்படியும் காலையில் கண் சிவக்கிறதே?

இங்கே இரண்டு சாத்தியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தீர்வு வேறு வேறு. ஒன்று, முகமூடியின் மேல் ஓரத்தில், மூக்குப் பாலத்தின் பக்கமாகக் காற்று கசிந்து கண்ணில் அடிப்பது. அப்போது எரிச்சலும் வறட்சியும் அதிகம், சளி குறைவு. இரவில் விழித்தால் கண்ணருகே குளிர்ந்த காற்று தெரியும். இமையை இழுத்தால் விறைப்பாகவே இருக்கும். மெஷினிலேயே கசிவு அளவு பதிவாகும், அதை எடுத்துக் கொண்டு போங்கள். அளவு சரியான முகமூடி, அல்லது மூக்குத் துளையில் மட்டும் வைக்கும் வகைக்கு மாறினால் பெரும்பாலும் தீரும். பட்டையை இறுக்கிக்கொண்டே போவது தீர்வு ஆகாது, சில சமயம் கசிவு கூடும்.

இன்னொன்று, இமை முன்பே தளர்ந்துபோய், மெஷின் வந்த பிறகும் அதே பக்கம் படுத்துத் தேய்வது. முகமூடியின் ஓரமே தளர்ந்த இமையை இழுத்துத் திறப்பதும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அரிதாகச் சிலருக்கு முகமூடி கச்சிதமாக இருந்தும், காற்று மூக்கிலிருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மேலேறி உள் ஓரத்தில் குமிழ் விடும். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் நடக்கிறது. எதுவானாலும், கண் சிவக்கிறது என்பதற்காக மெஷினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெஷின் கொடுத்த இடத்துக்கும் கண் மருத்துவருக்கும் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள்.

வீட்டிலேயே இமையை இழுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த இமையை இழுத்துப் பழகுவது கெடுதல், அழுக்கு விரலும் படும். அதற்குப் பதில் கூடப் படுப்பவரிடம் நீங்கள் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், கண் முழுதாக மூடுகிறதா, மூச்சு நிற்கிறதா என்று கேளுங்கள். தூங்கும்போது ஃபோனில் சிறு வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. எழுந்தவுடன் கண்ணைக் கழுவுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் மத்தியானம் கிடைத்தால் அதற்குள் சிவப்பு போயிருக்கும், படம்தான் சாட்சி.

நான் ஒல்லி. பெண் வேற. எனக்கும் வருமா?

வரலாம். நடுத்தர வயது, பருமனான ஆண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது, ஆனால் அது நிபந்தனை இல்லை. ‘குண்டா இருக்கிறவங்க நோய்’ என்று நினைத்து ஒல்லியானவர்களின் இமையைத் தொடாமல் விட்டால் தவறிப்போகும். பெண்கள் குறட்டையைச் சொல்லக் கூச்சப்படுவதையும் பார்க்கிறேன். அசதி, காலைத் தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இமை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நிச்சயம் ஸ்லீப் அப்னியாவா?

நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் பரிசோதிக்காமல் விடவும் கூடாது. உறவு இரு திசையிலும் ஒரே அளவு இல்லை. அப்னியா உள்ளவர்களில் இமை தளர்ந்தவர்கள் குறைவான பங்கினர். இமை தளர்ந்து கண்ணும் பாதித்தவர்களிடமோ தேடினால் பெரும்பாலோருக்கு அப்னியா இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் கண்ணுக்கு மட்டும் கடிதம் வாங்காமல், தூக்கப் பரிசோதனைக்கும் சேர்த்துக் கேளுங்கள். கோலாலம்பூர், பினாங்கு பெரிய மருத்துவமனைகளில் அது பெரும்பாலும் சுவாசப் பிரிவு அல்லது காது மூக்குத் தொண்டைப் பிரிவின் வழியாக நடக்கும்.

ஆபரேஷன் செய்தால் தீருமா?

களிம்பு, கவசம், சிபாப் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கார்னியா தொடர்ந்து காய்ந்தால் செய்வார்கள். இமையின் ஓரத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தோ, ஓரத்து எலும்போடு இழுத்துத் தைத்தோ, கிடைமட்டமாக இறுக்குவார்கள். நன்றாகவே பலன் கொடுக்கும். ஆனால் சில ஆண்டுகளில் மறுபடி தளரலாம், அப்னியாவைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு முக்கியமாக. மயக்க மருந்தோ தூக்க ஊசியோ கொடுப்பதாக இருந்தால் உங்கள் குறட்டையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கவனிக்கப்படாத அப்னியாவில் அந்த நேரத்தில் மூச்சுத் தடை வரும் ஆபத்து உண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கண் வலி கடுமையாகி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அல்லது பார்வை மங்கி மத்தியானம் ஆகியும் தெளியாவிட்டால், அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ந்த கார்னியாவில் கிருமி புகுந்து புண் ஆகியிருக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் கழற்றிவிட்டு, அதையும் டப்பாவோடு எடுத்துக் கொண்டு போங்கள்.

வலியே இல்லாமல், காலையில் எழும்போது ஒரு கண்ணில் பார்வையின் ஒரு பகுதி மறைந்திருந்தாலும் அதே அவசரம்தான். பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து வரும் பாதிப்பு அப்படித்தான் தெரியும், அதுவும் அப்னியா உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே பார்க்கும் மருத்துவரிடம் உங்களுக்கு அப்னியா இருப்பதை, அல்லது சந்தேகம் இருப்பதை, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.